பால்மானி 27 காட்டினால் பாலில் தண்ணீரா?

செந்தூலில் மறுபடியும் ஒரு வீட்டில் பால்காரரை நிறுத்திவிட்டார்கள். பாலில் மிதக்கவிட்டு அடர்த்தியைப் பார்க்க வாங்கிய பால்மானி 27 காட்டியதாம். 30 இருக்க வேண்டுமாம். பால் நல்ல பால்தான். கருவியின் தண்டில் எழுதியிருப்பதை யாரும் படிக்கவில்லை.

30 என்றால் ஒரு லிட்டர் பாலின் எடை சுமார் 1030 கிராம் என்று பொருள். வெறும் தண்ணீருக்கு 0. ஆனால் அந்தக் கணக்கு ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்கு மட்டுமே பொருந்தும். பல கருவிகளில் 15.6°C அல்லது 60°F என்று அச்சிட்டிருக்கும். கோலாலம்பூர்ச் சமையலறையில் பால் 30°C-இல் இருக்கும். சூடேறிய பால் விரிந்து லேசாகிவிடும், கருவி கூடுதலாக அமிழ்ந்து குறைவான எண்ணைக் காட்டும். அதனால் ஒவ்வொரு டிகிரி கூடுதலுக்கும் 0.2 சேர்க்க வேண்டும். 14.4 டிகிரிக்கு ஏறக்குறைய 3. ஆக, 27 உண்மையில் 30. உங்கள் கருவி 27°C-க்கு உரியதென்றால் சேர்க்க வேண்டியது வெறும் 0.6. எண்ணே இல்லாமல் கோடுகள் மட்டும் போட்ட மலிவுக் கருவியை வைத்து யாரையும் குற்றம் சாட்டாதீர்கள்.

கறந்த உடனே அளப்பதும் தவறு. நுரையும் காற்றும் அளவைக் குறைத்துக் காட்டும். சில மணி நேரம் விட்டு, குமிழி வராமல் மெல்லக் கலக்கி, உயரமான குவளையில் ஊற்றி, கருவி சுவரில் ஒட்டாமல் மிதக்கும்போது பாருங்கள்.

இனி எதிர்ப்பக்கம். 30 காட்டினால் கலப்படமே இல்லை என்று நிம்மதியாக இருக்கிறீர்களே, அதுவும் சரியல்ல. கொழுப்பு தண்ணீரைவிட லேசானது. ஏடு முழுவதையும் எடுத்துவிட்ட பால் 35 வரை காட்டும். அதில் ஆறு பங்குக்கு ஒரு பங்கு தண்ணீர் ஊற்றினால் திரும்ப 30! சர்க்கரை, உப்பு போட்டாலும் அளவு ஏறும். நல்ல பசும்பாலே 28 முதல் 32 வரை மாறும் என்பதால், இருபதில் ஒரு பங்கு தண்ணீரை இந்தக் கருவி காட்டிக்கொடுக்காது. ஒரே பால்காரரின் பாலை இரண்டு வாரம் ஒரே வெப்பநிலையில் அளந்து குறித்து வையுங்கள். ஒருநாள் திடீரென்று 3 குறைந்தால் அப்போது கேள்வி கேளுங்கள். பத்தில் ஒரு பங்கு தண்ணீருக்கு அவ்வளவுதான் குறையும்.

பாலைக் கெட்டியாகக் காட்டப் போடும் மாவுச்சத்தைப் பார்ப்பது எளிது. மூன்று மில்லி பாலோடு ஐந்து மில்லி தண்ணீர் சேர்த்துக் கொதிக்கவைத்து, நன்றாக ஆறவிட்டு, இரண்டு மூன்று சொட்டு டிங்சர் அயோடின் விடுங்கள். நீலமானால் மாவு உண்டு. ஆறாமல் விட்டால் நீலம் தெரியாது, பலர் ஏமாறுவது இங்கேதான். சோதித்த பாலைக் கொட்டிவிடுங்கள்.

பால் கெடாமல் இருக்கக் கலக்கும் ஃபார்மலின் என்ற நச்சு ரசாயனத்துக்கான சோதனையை மட்டும் வீட்டில் செய்யாதீர்கள், தயவுசெய்து. அதற்கு அடர் கந்தக அமிலம் வேண்டும். ஒரு சொட்டு தெறித்தாலும் கண் போய்விடும். காய்ச்சாத பசும்பால் நம் வெயிலில் வெளியே ஒரு நாள் முழுக்கப் புளிக்காமல் இருந்தால் சந்தேகப்படலாம். பிள்ளைகளுக்குக் கொடுக்காமல், அதே பாலில் திறக்காத பொட்டலம் ஒன்றை ஐஸில் வைத்து மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குக் கொண்டுபோங்கள். வாங்கிய நாளையும் நேரத்தையும் மேலே எழுதி ஒட்டுங்கள்.