தட்டணு குறைந்தால் டெங்குதானா? ஒரு காய்ச்சலை வைத்து மருத்துவர் யோசிக்கும் விதம்

மழைக்காலம் தொடங்கிவிட்டால் எங்கள் வெளிநோயாளர் பிரிவில் அதிகம் கேட்கும் வாக்கியம் இதுதான்: "தட்டணு குறைஞ்சிடுச்சாம் டாக்டர், டெங்குன்னு சொல்லிட்டாங்க." தட்டணு குறைந்தது உண்மை. டெங்கு என்பது அந்த உண்மைக்கு ஒருவர் கொடுத்த விளக்கம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால் வரும் சிக்கலைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

நோயறிதல் கணக்குப் போடுவது மாதிரி நடப்பதில்லை. கண்ணெதிரே சில தடயங்கள் இருக்கும். எது உண்மையாக இருந்தால் இந்தத் தடயங்கள் எல்லாம் இயல்பாக வந்திருக்கும் என்று பின்னோக்கி யோசிக்கிறோம். அமெரிக்கத் தத்துவவாதி சார்லஸ் சாண்டர்ஸ் பர்ஸ் இந்த வகை ஊகத்துக்கு 'அப்டக்‌ஷன்' என்று பெயர் வைத்தார். 1903-இல் ஹார்வர்டில் ஆற்றிய சொற்பொழிவில் அவர் சொன்னதன் சாரம்: வியப்பான ஒன்றைக் காண்கிறோம், இன்ன காரணம் உண்மையென்றால் அதில் வியப்பே இல்லை, ஆகவே அந்தக் காரணத்தைச் சந்தேகிக்க இடமிருக்கிறது. சந்தேகிக்க இடமிருக்கிறது என்றுதான் சொன்னார், நிரூபணமாகிவிட்டது என்று சொல்லவில்லை.

ஒரு நோயாளியைப் பார்ப்போம். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஐம்பது வயதை ஒட்டிய பெண், மலையடிவார ஊர், ஆடு மேய்ப்பவர். ஒன்பது நாளாகக் காய்ச்சல், கடும் தலைவலி, வறட்டு இருமல். தட்டணு 62,000. வெள்ளையணு 11,400. கல்லீரல் நொதிகள் இயல்பைவிட மூன்று மடங்கு. இரத்தத்தில் டெங்கு வைரஸின் புரதத்தைத் தேடும் என்எஸ்1 சோதனை நெகட்டிவ். டைஃபாய்டுக்கான வைடால் சோதனை பாசிட்டிவ். வேறிடத்தில் நான்கு நாள் செஃப்ட்ரியாக்ஸோன் என்ற ஆன்டிபயாட்டிக் ஊசி போட்டிருந்தார்கள். காய்ச்சல் இறங்கவில்லை.

இங்கே முதலில் செய்ய வேண்டியது, எந்தத் தடயத்துக்கு எவ்வளவு மதிப்பு என்று பார்ப்பது. தட்டணு டெங்குவில் குறையும். எலிக்காய்ச்சலிலும் மலேரியாவிலும், புதர் உண்ணி கடித்து வரும் ஸ்க்ரப் டைஃபஸிலும் குறையும். கல்லீரல் நொதியும் அப்படித்தான். போட்டியில் நிற்கும் எல்லா நோயும் ஒரு தடயத்தை விளக்கிவிட்டால், அதை வைத்து யாரையும் தேர்ந்தெடுக்க முடியாது. எல்லோரையும் கவலைப்பட வைக்கும் அந்தத் தட்டணு எண், நோயாளியின் நிலையைக் கண்காணிக்க உதவும். என்ன நோய் என்று பிரித்துச் சொல்ல அவ்வளவாக உதவாது.

என்எஸ்1 நெகட்டிவ் என்பதும் இவர் விஷயத்தில் பெரிதாக எதையும் சொல்லவில்லை. முதல் ஐந்து நாளில் எடுத்திருந்தால் அதற்குக் கனம் உண்டு. அதற்குப் பிறகு டெங்கு நோயாளிக்கே அது மறையத் தொடங்கிவிடும். கனமான தடயம், காய்ச்சல் எத்தனை நாள் என்ற கணக்கில்தான் இருந்தது. டெங்குக் காய்ச்சல் பொதுவாக ஒரு வாரத்துக்குள் விட்டுவிடும். ஒன்பதாம் நாள் தட்டணு ஏறிக்கொண்டிருக்க வேண்டும். இவருக்கு அன்றும் 103 டிகிரி, தட்டணு இறங்குமுகம். டெங்குவில் பெரும்பாலும் குறையும் வெள்ளையணு இவருக்கு இயல்பைத் தாண்டியிருந்தது. டெங்குவுக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் ஐஜிஎம் சோதனையும் நெகட்டிவ். ஒன்பதாம் நாளில் அது பாசிட்டிவாக இருந்திருக்க வேண்டும்.

டைஃபாய்டு? ஒரே ஒரு வைடால் சோதனையை நம் ஊரில் நம்ப முடியாது. பழைய தொற்றோ தடுப்பூசியோ கூட அதைப் பாசிட்டிவ் ஆக்கிவிடும். நான்கு நாள் ஊசிக்குக் கேட்கவில்லை என்பதால் டைஃபாய்டைத் தள்ளிவிடவும் முடியாது. சரியான மருந்து கொடுத்தாலும் டைஃபாய்டுக் காய்ச்சல் இறங்க ஐந்தாறு நாள் ஆவது உண்டு. ஆனால் தட்டணு இந்த அளவுக்கு விழுவது டைஃபாய்டில் வழக்கமில்லை. ஆக அதைப் பட்டியலில் கீழே இறக்கினோம், அடிக்கவில்லை.

இந்த இடத்தில் ஒரு விளக்கத்தை முன்வைத்து, அது உண்மையென்றால் வேறு எது இருக்க வேண்டும் என்று தேடிப் போகிறோம். ஸ்க்ரப் டைஃபஸ் என்றால், புதரிலும் புல்லிலும் இருக்கும் கண்ணுக்குச் சட்டென்று தெரியாத உண்ணியின் இளம்புழு கடித்திருக்க வேண்டும். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல் கருத்த பொருக்கு இருக்கலாம். அது அக்குள், தொடையிடுக்கு, மார்பகத்தின் அடிப்பகுதி, இடுப்பில் பாவாடை நாடா இறுகும் இடம் என்று பெரும்பாலும் மறைவான இடங்களில் இருக்கும். செவிலியரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, அனுமதி கேட்டுத் தேடினேன். இடது மார்பகத்தின் அடியில் இருந்தது. அக்குளில் நெறிகட்டியிருந்தது.

"இதைச் சொல்லலையேம்மா?" என்றேன்.

"வலிக்கல, அரிக்கல டாக்டரம்மா. அதைப்போயி யாராச்சும் சொல்லுவாங்களா?"

அவர் சொன்னது நியாயம்தான். அந்தப் பொருக்கு வலிக்காது. கேட்டால் கிடைக்கும் தடயமில்லை, பார்த்தால் கிடைக்கும் தடயம். கூட்டம் நிறைந்த அறையில் சேலையோடு உட்கார வைத்து நாடி பிடித்து அனுப்பினால் அது கிடைக்கவே கிடைக்காது.

டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம், நாளுக்கு இருமுறை தொடங்கினோம். சோதனை முடிவுக்குக் காத்திருக்கவில்லை. இந்த நோயில் தாமதமானால் நுரையீரலும் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். செஃப்ட்ரியாக்ஸோன் ஏன் கேட்கவில்லை என்பதும் இப்போது புரிந்தது. இந்தக் கிருமி நம் செல்லுக்குள் குடியிருப்பது. அந்த வகை ஊசிக்கு மசியாது. மறுநாள் இரவே காய்ச்சல் இறங்கியது.

மருந்து கேட்டது, ஆகவே நோய் உறுதி என்று நினைக்கத் தோன்றும். அவ்வளவு எளிதில்லை. எலிக்காய்ச்சலுக்கும் டாக்சிசைக்ளின் கேட்கும். சில வைரஸ் காய்ச்சல்கள் மாத்திரை போட்ட நாளில் தாமாகவே விட்டிருக்கும். பின்னர் வந்த ஸ்க்ரப் ஐஜிஎம் பாசிட்டிவ்கூடத் தனியாக நின்றால் முழுச் சான்றாகாது, சென்ற தொற்றின் மிச்சமாக அது மாதக்கணக்கில் இரத்தத்தில் இருக்கக்கூடும். இவர் விஷயத்தில் எங்களை நம்ப வைத்தது பொருக்கு, நெறிகட்டு, நாட்கணக்கு, மருந்துக்குக் கேட்ட வேகம் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்ததுதான். பொருக்கு இல்லையென்றால் ஸ்க்ரப் இல்லை என்றும் சொல்ல முடியாது. கணிசமான நோயாளிகளுக்கு அது இருப்பதே இல்லை.

இந்த வகை யோசனை எங்கே சறுக்கும் என்பதை வானியல் அழகாகக் காட்டுகிறது. யுரேனஸ் கணித்த பாதையில் செல்லவில்லை. வெளியே இன்னொரு கோள் இழுக்கிறது என்று பிரெஞ்சு வானியலாளர் லெவெரியே ஊகித்து அதன் இடத்தையும் கணக்கிட்டார். 1846 செப்டம்பர் 23 இரவு பெர்லினில் காலே என்ற வானியலாளர் தேடினார். சொன்ன இடத்துக்கு ஒரு டிகிரிக்குள் நெப்டியூன் கிடைத்தது. பிறகு புதனின் பாதையிலும் சிறு பிசகு தெரிந்தபோது அதே லெவெரியே அதே விளக்கத்தைத் தந்தார்: சூரியனுக்கருகே மறைந்திருக்கும் ஒரு கோள். வல்கன் என்று பெயர்கூட வைத்தாயிற்று, கண்டதாகச் சிலர் சொல்லவும் செய்தார்கள். அப்படி ஒரு கோளே இல்லை. புதனின் பிசகுக்கு விளக்கம் 1915-இல் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியலில் இருந்து வந்தது. லெவெரியே யோசித்த முறையில் தப்பில்லை, அவர் கையிலிருந்த பட்டியலில் சரியான விடை இல்லை.

'சிறந்த விளக்கம்' என்பது நாம் நினைத்துப் பார்த்தவற்றுள் சிறந்தது, அவ்வளவே. டெங்கு, டைஃபாய்டு, மலேரியா என்ற மூன்றோடு பட்டியலை நிறுத்தினால் இந்தப் பெண்மணிக்கு அந்த மூன்றில் ஒன்றுதான் வந்திருக்கும். பட்டியலை நீட்டுவதில் நோயாளிக்கும் பங்கு உண்டு. காட்டுக்குப் போனது, தேங்கிய தண்ணீரில் நின்றது, வெளியூர் பயணம், கடையில் வாங்கிப் போட்ட மாத்திரை எல்லாவற்றையும் சொல்லுங்கள். மாத்திரை அட்டையைத் தூக்கி எறியாமல் கொண்டு வாருங்கள். உடலை முழுக்கப் பார்க்கவில்லையென்றால் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

ஸ்க்ரப் என்று நினைத்து மருந்து தொடங்கும்போது, இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் இறங்க வேண்டும் என்று நோயாளியின் தாளில் எழுதி வைப்போம். இறங்காவிட்டால் மருந்தின் அளவைக் கூட்டுவதில்லை. இரத்தக் கல்ச்சரின் முடிவைத் தேடுவோம், மலேரியா ஸ்மியரை மறுபடி எடுப்போம், காசநோயையும் உள்ளே எங்காவது சீழ் கட்டியிருப்பதையும் பட்டியலில் சேர்த்து முதலிலிருந்து ஆரம்பிப்போம்.