அன்பேலன்ஸ்: நிறைச் சமனின்மை

மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கம் அரிசி ஆலைகளில் மோட்டார் அதிர்ந்தால் "உதறுது" என்பார்கள், கொஞ்சம் விவரம் தெரிந்த மெக்கானிக் வந்து கையை வைத்துப் பார்த்துவிட்டு "அன்பேலன்ஸுங்க" என்பார். இரண்டும் ஒன்றில்லை. உதறல் என்பது நாம் உணர்வது, அன்பேலன்ஸ் அதற்கான காரணங்களில் ஒன்று. பேரிங் தேய்ந்தாலும் உதறும், கால் போல்ட் தளர்ந்தாலும் உதறும். பராமரிப்புப் பாடம் படிக்கிறவர்கள் முதலில் இந்த இரண்டு சொல்லையும் பிரித்து வைத்துக்கொள்வது நல்லது.

பேலன்ஸ் என்ற சொல் இலத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. 'பி' என்றால் இரண்டு, 'லாங்க்ஸ்' என்றால் தட்டு, அதாவது இரண்டு தட்டுள்ள தராசு. நம்மிடம் அதற்கு ஈடாகச் 'சமன்' இருக்கிறது. அது வடமொழியின் 'சம' வழி வந்த சொல்தான், ஆனால் "சமன்செய்து சீர்தூக்குங் கோல்" என்று குறளிலேயே தராசோடு சேர்ந்து வந்துவிட்டதால் இனிமேல் அதை வெளியே அனுப்ப வேண்டிய அவசியம் இல்லை என்பது என் கருத்து.

பாடநூல்களில் 'சமநிலையின்மை' என்று இருக்கும். எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை, ஏனென்றால் சமநிலை என்றதும் ஒரு பொருள் அசையாமல் நிற்பதுதான் மனதுக்கு வருகிறது. மோட்டாரில் நடப்பது வேறு. ரோட்டரின் நிறை மையம் அது சுழலும் அச்சின் மேல் இல்லாமல் கொஞ்சம் விலகி இருக்கிறது, சுழலும்போது அந்த விலகிய நிறை ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை எல்லாப் பக்கமும் இழுக்கிறது. 'எடைச் சமனின்மை' என்றும் சிலர் எழுதுகிறார்கள். எடை என்பது புவி இழுக்கும் விசை, இங்கே வேலை செய்வது நிறை. செங்குத்தாக நிற்கும் ஷாஃப்ட்டில்கூட இதே தொல்லை வரும். அதனால் 'நிறைச் சமனின்மை' என்பதே சரி என்று நினைக்கிறேன், பட்டறையில் அன்பேலன்ஸ் என்றே சொல்லிக்கொள்ளலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இழுக்கும் விசை எவ்வளவு என்பதை இந்தச் சூத்திரம் சொல்லும், இதில் m விலகிய நிறை, r மையத்திலிருந்து அதன் தூரம், ω வினாடிக்கு இத்தனை ரேடியன் என்ற கணக்கில் சுழல் வேகம்:

```
F = m · r · ω²
```

ஒரு ஆலையில் 1 எச்பி மோட்டாரின் ஷாஃப்ட்டிலேயே ப்ளோயர் விசிறி மாட்டியிருக்கிறது, வேகம் 1440 ஆர்பிஎம் என்று வைத்துக்கொள்வோம். குறுவை அறுவடையில் ஈர நெல் வந்து, ஈரத் தூசியும் உமியும் ஒரு இறக்கையில் மட்டும் 5 கிராம் அளவுக்கு அப்பிக்கொண்டது, அது மையத்திலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. கணக்குப் போட்டால் சுமார் 17 நியூட்டன், அதாவது கிட்டத்தட்ட 1.7 கிலோ எடைக்குச் சமமான விசை பேரிங்கைச் சுற்றிச் சுற்றி இழுக்கிறது. அதே 5 கிராம் 2880 ஆர்பிஎம்மில் என்றால் நான்கு மடங்கு. வேகம் வர்க்கத்தில் வருவதால்தான் கையில் எடுத்துப் பார்த்தால் ஒன்றுமே இல்லாத அழுக்கு இவ்வளவு பாடுபடுத்துகிறது.

சரி, இதை எப்படிக் கண்டுபிடிப்பது? ஆக்ஸிலரோமீட்டர் வைத்து. தமிழில் முடுக்கமானி. முடுக்கு என்றால் விரட்டு, வேகப்படுத்து, மாட்டை முடுக்குவது போல. இலங்கைப் பாடநூல்களில் இதே ஆக்ஸிலரேஷனை ஆர்முடுகல் என்கிறார்கள், வேர் அதேதான். ADXL345 போன்ற சின்ன சில்லு ஒன்றே பயிற்சிக்குப் போதும். அதை மோட்டாரின் பேரிங் இருக்கும் இடத்தில், வார்ப்பு உடம்பின் மேல் இறுக்கமாக ஒட்டவோ போல்ட் போடவோ வேண்டும். பின்பக்க விசிறி மூடியின் தகட்டில் வைத்தால் தகடு தன் இஷ்டத்துக்கு அதிரும், நீங்கள் மோட்டாரை அளக்காமல் தகட்டை அளந்துகொண்டிருப்பீர்கள்.

வினாடிக்கு 800 மாதிரி வீதம் 1024 மாதிரி எடுங்கள், 1.28 வினாடி ஆகும். முதலில் சராசரியைக் கழித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் புவியீர்ப்பின் 1 ஜி அப்படியே பூஜ்ய அதிர்வெண்ணில் பெரிய கம்பமாக நின்று மற்றதை எல்லாம் மறைக்கும். அப்புறம் எஃப்எஃப்டி போட்டால் அதிர்வெண்வாரியாகப் பிரிந்துவிடும். 1440-ஐ 60-ஆல் வகுத்தால் 24, ஆகவே 24 ஹெர்ட்ஸில் ஒரு உச்சம் தனியாக, உயரமாக நின்றால் சுற்றுக்கு ஒரு முறை வரும் இழுவை அது. வோல்டேஜ் குறைந்தால் சறுக்கல் கூடி வேகம் கொஞ்சம் இறங்கும், உச்சமும் கூடவே நகரும், அதனால் பெயர்ப்பலகையில் உள்ள வேகத்தை நம்பாமல் டாக்கோமீட்டரில் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் ப்ளோயரில் அந்த உச்சம் 0.12 ஜி என்று வந்ததாகக் கொள்வோம். இந்த முடுக்கத்தை அதிர்வின் திசைவேகமாக மாற்ற 2πf-ஆல் வகுக்க வேண்டும், 24 ஹெர்ட்ஸுக்கு அது சுமார் 151. கிடைப்பது வினாடிக்கு 7.8 மில்லிமீட்டர் உச்சம், ஆர்எம்எஸ் கணக்கில், அதாவது உச்சத்தை √2-ஆல் வகுத்தால், 5.5. 2016-இல் ஐஎஸ்ஓ 20816-1 வந்து இடம்பிடித்துக்கொண்ட பழைய ஐஎஸ்ஓ 10816-1 தரநிலையில் 15 கிலோவாட் வரையிலான சிறு மோட்டார்களுக்கு 4.5-க்கு மேல் என்றால் கடைசி மண்டலம், அதாவது சேதம் வரக்கூடிய அளவு. மோட்டாரை நிறுத்தி, மின்னிணைப்பைத் துண்டித்து, இறக்கைகளைச் சுரண்டித் துடைத்துவிட்டு மறுபடி அளந்து 0.03 ஜி வந்தால் ஆர்எம்எஸ் 1.4 ஆகிவிடும், ஏற்கத்தக்க மண்டலத்துக்குள் வந்துவிட்டது. சுத்தம் செய்தும் குறையவில்லை என்றால்தான் மேலே யோசிக்க வேண்டும்.

ஏனென்றால் 24 ஹெர்ட்ஸ் உச்சத்தைப் பார்த்த உடனே அன்பேலன்ஸ் என்று பதிவேட்டில் எழுதிவிடுவது ஆபத்தான பழக்கம். வளைந்த ஷாஃப்ட்டும் அங்கேதான் காட்டும். கால் தளர்ந்திருந்தால் 24-ஓடு 48, 72 என்று வரிசையாகப் பல உச்சங்கள் கிளம்பும், அதனால் அளக்கும் முன்பே போல்ட்டை இறுக்கிவிடுங்கள். 48 பெரிதாக இருந்தால் கப்ளிங் நேராக இல்லை என்று சந்தேகிக்கலாம். 100 ஹெர்ட்ஸில் ஒன்று நின்று, சுவிட்சை அணைத்த கணமே மறைந்துவிட்டால் அது மின்சாரப் பக்கத்துக் கோளாறு, நிறைச் சமனின்மை என்றால் விசிறி சுற்றி ஓய ஓய மெல்லத்தான் குறையும். இன்னொன்று: அச்சுத் திசையில் அதிர்ந்தால் அன்பேலன்ஸ் இல்லை என்று ஒரு விதி சொல்லித் தருவார்கள், ஆனால் நம் ப்ளோயர் போல விசிறி பேரிங்குக்கு வெளியே தொங்கினால் அச்சுத் திசையிலும் நன்றாகவே 24 ஹெர்ட்ஸ் தெரியும், இங்கே அந்த விதி செல்லாது.

இதற்குள்ளேயே இரண்டு வகை உண்டு. நிறை ஒரு பக்கமாகக் கூடியிருந்தால் நிலைச் சமனின்மை, ரோட்டரை வழவழப்பான இரண்டு தண்டவாளத்தின் மேல் உருட்டி விட்டால் கனமான பக்கம் கீழே வந்து நிற்கும். ஒரு முனையில் மேலும் மறுமுனையில் கீழுமாக நிறை கூடியிருந்தால் இணைச் சமனின்மை, இது உருட்டினால் எங்கே வேண்டுமானாலும் நிற்கும், சுற்றினால்தான் தெரியும். தட்டையான விசிறிக்கு முதல் வகைதான் பெரும்பாலும் வரும்.

ஒரே ஒரு முடுக்கமானியால் சமனின்மை இருக்கிறது என்று சொல்ல முடியும், எந்த இறக்கையில் என்று சொல்ல முடியாது. அதற்குச் சுற்றுக்கு ஒரு துடிப்பு தரும் சென்சார் ஒன்று வேண்டும், ஷாஃப்ட்டில் பிரதிபலிக்கும் டேப் ஒட்டி ஒளி சென்சார் வைத்தால் போதும். அதுவும் இல்லாவிட்டால் எடை தெரிந்த சின்ன வாஷர் ஒன்றை மூன்று வெவ்வேறு இடங்களில் உறுதியாகப் போல்ட் போட்டு, ஒவ்வொரு முறையும் 24 ஹெர்ட்ஸ் உச்சத்தைக் குறித்துக்கொண்டு, வாஷர் இல்லாத முதல் அளவையும் சேர்த்து வட்டங்கள் வரைந்து எதிர் எடையை எங்கே வைப்பது என்று கண்டுபிடிக்கலாம்.