வற் இலக்கம் பிழைத்த பட்டியலை மாற்றித் தரச் சொல்லி எழுதும் கடிதம்

வற் வரிக்குப் பதிந்து வியாபாரம் செய்பவர், பொருள் வாங்கும்போது கொடுத்த வரியைத் தான் விற்கும்போது அறவிட்ட வரியிலிருந்து கழித்துக்கொள்ளலாம். உள்ளீட்டு வரிக் கழிவு என்பது இதுதான். உள்ளூரில் வாங்கிய பொருளுக்கு இந்தக் கழிவைக் கேட்க வேண்டுமென்றால் கையில் முறையான வரிப் பட்டியல் இருக்க வேண்டும். அதில் என்னென்ன இருக்க வேண்டும் என்று 2002 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கப் பெறுமதி சேர் வரிச் சட்டத்தின் 20 ஆம் பிரிவு சொல்கிறது. விற்றவரின் பெயர், முகவரி, பதிவிலக்கம் மட்டும் போதாது. வாங்கியவரின் விபரமும் சரியாக இருக்க வேண்டும். பலருக்குச் சறுக்குவது இந்த இரண்டாவது இடத்தில்தான்.

யாழ்ப்பாணத்தில் நான் கணக்கெழுதும் கடைகளில் இந்தப் பிழையை அடிக்கடி காண்கிறேன். எழுத்துப் பிழையாக வருவது குறைவு. வற் இலக்கத்தில் ஓர் எண் மாறிப்போனால் விநியோகஸ்தரின் கணக்குப் பிரிவில் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள். கண்ணில் படாமல் போவது, இலக்கம் உண்மையானதாகவும் ஆள் வேறாகவும் இருக்கும் பிழை. அப்படி ஒன்றை எடுத்துச் சொல்கிறேன்.

ஸ்ரான்லி வீதியில் ஒரு மின்சாரப் பொருட்கடை. அண்ணன் தம்பி இருவரும் பல வருடம் பங்குடைமையாக நடத்தினார்கள். பிறகு தனியார் கம்பெனியாகப் பதிந்தார்கள். பெயர்ப்பலகையில் ஒரு சொல்தான் கூடியது. கடையும் அதே கடை, தொலைபேசியும் அதே தொலைபேசி. ஆனால் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் கண்ணில் கம்பெனி புது ஆள். அதற்குத் தனியாக ஒரு ரின் இலக்கம், தனியாக ஒரு வற் பதிவு. வற் இலக்கம் என்பது ஒன்பது இலக்க ரின்னும் அதன் பின்னால் வரும் 7000 உம் சேர்ந்தது. பங்குடைமையின் ரின் 412 இல் முடிந்தது, கம்பெனியின் ரின் 836 இல் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம்.

ஒக்டோபர் 14 ஆம் திகதி கொழும்பு விநியோகஸ்தரிடமிருந்து வயர்ச் சுருள்கள் வந்தன. பெறுமதி 850,000 ரூபா, 18 வீத வற் 153,000 ரூபா, மொத்தம் 1,003,000 ரூபா. பட்டியலில் கம்பெனியின் பெயர் சரியாக இருந்தது. இலக்கம் 412. விநியோகஸ்தரின் கணினியில் வாடிக்கையாளர் பதிவைத் திறந்து பெயரை மட்டும் திருத்தியிருக்கிறார்கள், இலக்கத்தைத் தொடவில்லை.

இதை அப்படியே விட்டால் என்ன நடக்கும்? விநியோகஸ்தர் தன் வற் விபரத்திரட்டோடு கொடுக்கும் விற்பனை அட்டவணையில், இந்த 153,000 ரூபா 412 என்ற ஆளுக்கு விற்றதாகப் போகும். நம்முடைய கொள்முதல் அட்டவணையில் அதே பட்டியலை 836 என்ற ஆள் கேட்பார். இரண்டும் திணைக்களத்தின் ராமிஸ் கணினியில் பொருந்தாது. பொருந்தாத தொகைக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். காட்டுவதற்கு நம்மிடம் இருப்பது வேறொருவரின் இலக்கம் அச்சிட்ட தாள். கழிவை மறுத்தால் 153,000 ரூபாவையும் கையிலிருந்து கட்ட வேண்டும், தண்டப்பணம் வேறு.

கடை முதலாளி உடனே விற்பனைப் பிரதிநிதிக்கு வட்சப்பில் அனுப்பிய செய்தி இது: “தம்பி, போன கிழமை பில்லிலை வற் நம்பர் பிழையாக் கிடக்கு. கெதியா மாத்தி அனுப்பிவிடுங்கோ.” தம்பியும் “ஓம் அண்ணை” என்று பதில் போட்டார். மூன்று கிழமையாக ஒன்றும் நடக்கவில்லை.

இதில் அந்தத் தம்பியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. செய்தியில் எந்தப் பட்டியல் என்று இல்லை. சரியான இலக்கம் எது என்றும் இல்லை. இலக்கத்தை மாற்றக்கூடியவர் பிரதிநிதியும் அல்ல, கொழும்பில் கணக்குப் பிரிவில் இருப்பவர். அவர் பக்கத்தில் இருந்து பாருங்கள். வெளியிட்ட வரிப் பட்டியலை ஒருவர் கேட்டார் என்பதற்காக அவரால் மாற்ற முடியாது. கேட்பவர் உண்மையில் அந்தக் கம்பெனிதானா, அந்த இலக்கம் அவர்களுடையதுதானா, பழைய தாளை வைத்து ஏற்கெனவே யாராவது கழிவு எடுத்துவிட்டார்களா என்பதெல்லாம் அவருக்குத் தெரிய வேண்டும். ஒரே விற்பனைக்கு இரண்டு வரிப் பட்டியல் வெளியில் உலாவினால் மாட்டிக்கொள்வது அவர்தான். ஆகவே, அவர் திருப்பி ஒரு கேள்வியும் கேட்க வேண்டியில்லாதபடி எழுத வேண்டும். நான் திருத்தி எழுதிக் கொடுத்தது இப்படி:

“கணக்குப் பிரிவுப் பொறுப்பாளருக்கு. ஒக்டோபர் 14 ஆம் திகதிய உங்கள் வரிப் பட்டியலில் (பட்டியல் இலக்கமும் மொத்தத் தொகை 1,003,000 ரூபாவும் இணைப்பில் உள்ளன) எங்கள் கம்பெனியின் பெயருக்குக் கீழே முன்னைய பங்குடைமையின் வற் இலக்கம் அச்சாகியுள்ளது. அச்சாகியிருப்பது 412-7000. இருக்க வேண்டியது 836-7000. கம்பெனியின் வற் பதிவுச் சான்றிதழின் பிரதியை இணைத்துள்ளோம். பொருள், அளவு, பெறுமதி, வரித்தொகை, விநியோகத் திகதி எதிலும் மாற்றம் இல்லை. இந்தப் பட்டியலை வைத்துப் பங்குடைமையோ கம்பெனியோ உள்ளீட்டு வரிக் கழிவு கேட்கவில்லை. இதை இரத்துச் செய்து, சரியான இலக்கத்துடன் புதிய வரிப் பட்டியல் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். மூலப் பிரதியைப் புதியது கிடைத்ததும் திருப்பி அனுப்புவோம். உங்கள் வாடிக்கையாளர் பதிவிலும் இந்த இலக்கத்தை மாற்றிவிடுங்கள். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான காலாண்டுக்குரிய விபரத்திரட்டில் இதைச் சேர்க்க வேண்டியிருப்பதால் நவம்பர் 30 க்கு முன் கிடைத்தால் உதவியாக இருக்கும்.”

இங்கே இலக்கங்களின் கடைசி மூன்றை மட்டும் போட்டிருக்கிறேன். கடிதத்தில் ஒன்பது இலக்கத்தையும் முழுதாக எழுத வேண்டும். கொழும்புக்குப் போவதென்றால் ஆங்கிலத்தில் எழுதுவதுதான் வழக்கம். எந்த மொழியானாலும் சங்கதி இதுதான்.

இதில் இரண்டு வரிகளைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். முதலாவது, யாரும் கழிவு கேட்கவில்லை என்ற வரி. பங்குடைமையின் பழைய வற் பதிவு இன்னும் இரத்தாகாமல் இருந்தால் அதன் பேரில் கழிவு போயிருக்கலாம் என்று விநியோகஸ்தர் நினைப்பது நியாயம். ஆனால் இந்த வரியை எழுதுமுன் உங்கள் கணக்கைப் பார்த்து நிச்சயப்படுத்துங்கள். பழைய பேரில் ஏற்கெனவே கேட்டிருந்தால் முதலில் அந்த விபரத்திரட்டைத் திருத்த வேண்டும், பொய்யாக இந்த வரியை எழுதக்கூடாது. இரண்டாவது, வாடிக்கையாளர் பதிவை மாற்றச் சொல்வது. அதை விட்டால் இந்தப் பட்டியல் திருந்தி வரும், அடுத்த மாதப் பட்டியல் மறுபடி 412 உடன் வந்து நிற்கும்.

கால எல்லையை ஏன் நவம்பர் 30 என்று வைத்தேன் என்று முதலாளி கேட்டார். காலாண்டுக்கு ஒருமுறை விபரத்திரட்டுக் கொடுப்பவருக்கு இந்தக் காலாண்டின் கடைசி நாள் ஜனவரி 31. அதுவரை இடமிருக்கிறதே என்பது அவர் எண்ணம். நமக்கு இடமிருக்கிறது, ஆனால் விநியோகஸ்தர் மாதாந்தம் விபரத்திரட்டுக் கொடுப்பவராக இருந்தால் ஒக்டோபர் மாதத்துக்கானது நவம்பர் கடைசியில் போய்விடும். போன பிறகு மாற்றுவதென்றால் கொடுத்த அட்டவணையையே திருத்த வேண்டும். அந்த வேலைக்கு எந்தக் கணக்குப் பிரிவும் மனமுவந்து இறங்காது. அவர்களின் திகதிக்கு முன்னால் கேட்டால் ஒரு தாளோடு வேலை முடிந்துவிடும்.

சில நிறுவனங்களின் மென்பொருள் வெளியிட்ட பட்டியலைத் தொட விடாது. அவர்கள் பழைய பட்டியல் முழுவதற்கும் ஒரு வரவுக் குறிப்பு போட்டு, புது இலக்கத்தில் புதுப் பட்டியல் தருவார்கள். அதுவும் சரிதான். அப்படி வந்தால் வரவுக் குறிப்பில் பழைய பட்டியலின் இலக்கம் இருக்கிறதா, புதுப் பட்டியலில் பொருள் உண்மையில் வந்த திகதி இருக்கிறதா என்று பாருங்கள். கணக்கில் மூன்று தாளையும் ஒன்றாகக் கோத்து வையுங்கள். கழிவு கேட்பது புதுப் பட்டியலுக்கு மட்டும்தான்.

புதுத் தாள் வந்ததும் இலக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு வைத்துவிடாதீர்கள். பழையதைப் பக்கத்தில் வைத்து வரி வரியாக ஒப்பிடுங்கள். எங்கள் விடயத்தில் முதலில் வந்த திருத்தத்தில் இலக்கம் சரி, ஆனால் ‘வரிப் பட்டியல்’ என்ற தலைப்பு இல்லாமல் சாதாரணப் பட்டியலாக அச்சாகியிருந்தது. அந்தச் சொல் தெளிவாகத் தெரியும்படி இருக்க வேண்டும் என்பது சட்டம். மறுபடி ஒருமுறை கேட்டுத்தான் சரியானதை வாங்கினோம்.

அதுவரை என்ன செய்வது? பேனையால் 412 ஐ வெட்டி 836 என்று எழுதி, முத்திரை குத்தி வைக்கும் பழக்கம் இங்கே உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். தாளில் நீங்கள் எழுதியது விநியோகஸ்தரின் அட்டவணையில் ஏறாது, அங்கே 412 தான் இருக்கும். வெட்டி எழுதிய தாள் விசாரணையில் உங்களுக்கு எதிராகவே நிற்கும். காலாண்டு முடியுமுன் திருத்திய பட்டியல் வராவிட்டால் அந்த 153,000 ரூபாவை இந்த முறை விட்டுவிட்டு, வந்த பிறகு கேளுங்கள். உள்ளீட்டு வரியைக் கேட்க வரிப் பட்டியலின் திகதியிலிருந்து 12 மாதம் இருக்கிறது. கைக்காசு கொஞ்ச நாள் முடங்கும், ஆனால் உரிமை போகாது. 12 மாதம் தாண்டினால் போய்விடும்.

பணம் கொடுப்பதைப் பற்றியும் ஒரு சொல். 30 நாள் கடனுக்கு வாங்கித் திகதியிட்ட காசோலை கொடுத்திருந்தால், இலக்கப் பிழைக்காகக் காசோலையை நிறுத்த வேண்டாம் என்பதே என் எண்ணம். பொருள் வந்துவிட்டது, கடன் கடன்தான். காசோலையை நிறுத்தினால் கணக்குப் பிரிவோடு பேச வேண்டிய விடயம் கடன் வசூல் பிரிவுக்குப் போய்விடும். கடிதத்தைக் காசோலைத் திகதிக்கு முன்னால் அனுப்புங்கள், அது போதும்.

இரண்டு நினைவூட்டலுக்குப் பிறகும் விநியோகஸ்தர் மறுத்தால், அனுப்பிய மின்னஞ்சல்களின் பிரதியோடு திணைக்களத்தின் யாழ்ப்பாணப் பிராந்திய அலுவலகத்தில் போய்ப் பேசலாம், அல்லது 1944 என்ற இலக்கத்தில் கேட்கலாம். வாய்ப்பேச்சுக்கு அங்கே மதிப்பில்லை, திகதியோடு எழுதிய கடிதம்தான் பேசும். வட்சப்பில் கேட்டிருந்தாலும் அதே நாளில் மின்னஞ்சல் ஒன்றும் போட்டுவிட வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

ஸ்ரான்லி வீதிக் கடையின் புதுப் பட்டியல் டிசம்பர் இரண்டாம் கிழமை வந்தது. பழையதைத் திருப்பி அனுப்புமுன் அதைப் பிரதியெடுத்து, குறுக்கே ‘இரத்தானது, கழிவு கேட்கப்படவில்லை’ என்று எழுதிப் புதுப் பட்டியலின் பின்னால் கோத்து வைத்தோம். முதலாளி அன்றைக்கே கம்பெனியின் வற் சான்றிதழைப் பிரதியெடுத்து, பொருள் தரும் மற்ற ஒன்பது விநியோகஸ்தர்களுக்கும் அனுப்பினார். அதில் மூவரிடம் இன்னும் 412 தான் இருந்தது.