வெள்ளை வீடும் வெள்ளை மாளிகையும்: ஸ்வீடிஷ் மொழியின் இரட்டைச் சுட்டு

ஸ்வீடிஷ் மொழியில் வீட்டுக்கு 'ஹூஸ்' என்று பெயர். ஏதோ ஒரு வீடு என்றால் 'எத் ஹூஸ்'. எந்த வீட்டைச் சொல்கிறோம் என்று கேட்பவருக்குத் தெரியும் என்றால் 'ஹூஸெத்'. முன்னால் எதுவும் வராது; பெயர்ச்சொல்லின் கடைசியில் 'எத்' என்று ஒரு விகுதி ஒட்டிக்கொள்ளும். இதைச் சுட்டு விகுதி என்று வைத்துக்கொள்வோம்.

கார் 'பீல்'. ஒரு கார் 'என் பீல்', அந்தத் தெரிந்த கார் 'பீலென்'. பெயர்கள் இரண்டு பாலாகப் பிரிந்திருப்பதால்தான் இங்கே விகுதி மாறுகிறது. 'என்' வகைச் சொற்களே அதிகம்; 'எத்' வகை குறைவு. எந்தச் சொல் எந்த வகை என்று பெரும்பாலும் மனப்பாடம்தான் செய்ய வேண்டும். பன்மையில் 'பீலார்னா' என்றால் அந்தக் கார்கள், 'ஹூஸென்' என்றால் அந்த வீடுகள். கவனியுங்கள்: 'பீலென்' ஒருமை, 'ஹூஸென்' பன்மை. ஒரே 'என்' ஒலிதான், ஆனால் சொல்லின் பால் தெரியாவிட்டால் ஒன்றா பலவா என்றே குழம்பிவிடும். புதிதாகப் படிப்பவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் இது.

சுட்டு பெயருக்குப் பின்னால் ஒட்டுவது தமிழ் பேசுபவர்களுக்கு அவ்வளவு அன்னியமாகத் தோன்றாது. 'புத்தகம் வாங்கினேன்' என்றால் ஏதோ ஒன்று. 'புத்தகத்தை வாங்கினேன்' என்றால் பெரும்பாலும் ஏற்கெனவே பேசிய ஒன்று. ஆனால் நம் 'ஐ' செயப்படுபொருளில் மட்டும் வரும் வேற்றுமை உருபு. ஸ்வீடிஷ் விகுதிக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. எழுவாயிலும் வரும், எங்கேயும் வரும்.

இந்த விகுதி ஒரு காலத்தில் தனிச்சொல்லாக இருந்தது. ஸ்வீடிஷுக்கு மூதாதையான பழைய நார்ஸ் மொழியில் பெயருக்குப் பின்னால் நின்ற ஒரு சுட்டுச்சொல், நாளடைவில் பெயரோடு ஒட்டிப்போனது. அதே மூலத்திலிருந்து வந்த ஐஸ்லாந்து மொழியில் 'வீட்டினுடைய' என்பதற்கு இன்றும் பெயருக்கு ஒரு வேற்றுமை உருபும், ஒட்டிய சுட்டுக்கு இன்னொன்றும் வருகின்றன. இரண்டு சொற்கள் ஒட்டின தையல் வெளியே தெரிகிறது. ஸ்வீடிஷில் உருபு கடைசியில் ஒன்றே ஒன்று.

ஆனால் ஸ்வீடிஷிலும் அந்தத் தையல் காதுக்குக் கேட்கும். 'அந்த்' என்றால் வாத்து, 'அந்தெ' என்றால் ஆவி. இரண்டிலும் சுட்டு விகுதி சேர்த்தால் எழுத்தில் ஒரே வடிவம்தான்: 'அந்தென்'. உச்சரிப்பில், குரல் ஏறி இறங்கும் ராகம் மட்டும் வேறு. வாத்தைச் சொல்லும்போது ஓரசைச் சொல்லுக்கு உரிய ராகம் வரும். ஆவியைச் சொல்லும்போது ஈரசைச் சொல்லின் ராகம். 'வாத்து' இப்போது இரண்டு அசையாக நீண்டுவிட்டாலும் ராகம் மாறவில்லை. அதாவது ராகத்தைத் தீர்மானிக்கும்போது விகுதியை மொழி இன்னும் கணக்கில் சேர்ப்பதில்லை. எனக்கு இந்த மொழியில் மிகவும் பிடித்த இடம் இது.

சரி, இப்போது பெயரடைக்கு வருவோம். வெள்ளை என்பது 'வீத்'. ஒரு வெள்ளைக் கார் 'என் வீத் பீல்'. அந்த வெள்ளைக் கார் என்று சொல்ல, விகுதி மட்டும் போதாது. முன்னால் 'தென்' என்று தனிச் சுட்டு வர வேண்டும், பெயரடையின் கடைசியில் 'ஆ' சேர வேண்டும், பெயரின் விகுதியும் அப்படியே இருக்க வேண்டும்: 'தென் வீத்தா பீலென்'. வீடு என்றால் 'தெத் வீத்தா ஹூஸெத்'. வீடுகள் என்றால் 'தொம் வீத்தா ஹூஸென்'. எழுதுவது 'தெ', பேசுவது 'தொம்'. ஒரே பொருளை முன்னாலும் பின்னாலும் சுட்டுவதால் இதற்கு இரட்டைச் சுட்டு என்று பெயர். பெயரடை இல்லாமல் 'தென் பீலென்' என்று அழுத்திச் சொன்னால் கை நீட்டிக் காட்டுவதாகிவிடும்: அதோ அந்தக் கார்.

சொன்னதையே இரண்டு தடவை சொல்வது வீண் அல்லவா என்று தோன்றும். ஆனால் இரண்டு சுட்டுகளும் ஒரே வேலையைச் செய்வதில்லை. ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால் இது புரியும்.

முதலில் முன்னால் இருப்பதைக் கழற்றுவோம். 'தெத் வீத்தா ஹூஸெத்' என்றால் தெருவில் பல வீடுகளுக்கு நடுவே வெள்ளை அடித்த அந்த ஒரு வீடு. வெறும் 'வீத்தா ஹூஸெத்' என்றால்? வாஷிங்டனில் இருக்கும் வெள்ளை மாளிகை. முன் சுட்டு போனதும் 'வெள்ளை' என்பது மற்ற வீடுகளிலிருந்து பிரித்துக் காட்டும் வேலையை விட்டுவிட்டு, பெயரின் ஒரு பகுதியாக உறைந்துவிட்டது. கருங்கடல் 'ஸ்வார்த்தா ஹாவெத்', ஸ்டாக்ஹோமின் பழைய நகரப்பகுதி 'கம்லா ஸ்தான்'. எதிலும் முன் சுட்டு இல்லை. ஆக, பெயரடையால் ஒன்றைப் பொறுக்கி எடுக்கும்போதுதான் முன் சுட்டுக்கு வேலை.

இப்போது பின்னால் இருப்பதைக் கழற்றுவோம். ஆசிரியர் வகுப்பில், 'முடித்த மாணவர்கள் வீட்டுக்குப் போகலாம்' என்கிறார். யார் யார் முடிப்பார்கள் என்று அவருக்கே தெரியாது. இங்கே ஸ்வீடிஷில் மாணவர்கள் என்ற சொல்லுக்கு முன் 'தொம்' வரும், பின்னால் விகுதி வராது. யாரைச் சொல்கிறோம் என்பதைப் பின்தொடரும் வாக்கியமே தீர்மானிக்கிறது. முடித்துவிட்டு வாசலில் நிற்கும் அந்த மாணவர்கள்தான் என்றால் விகுதியும் சேரலாம். ஏற்கெனவே அடையாளம் தெரிந்த ஆள், தெரிந்த பொருள் என்று சொல்வது பின் விகுதியின் வேலை என்பது இதிலிருந்து தெரிகிறது. பேச்சில் இந்தக் கோடு கொஞ்சம் தளர்வாகத்தான் இருக்கும். எழுத்தில் நன்றாகத் தெரியும்.

ஒரு இடத்தில் இரண்டுமே போய்விடும். 'என் வெள்ளைக் கார்' என்றால் 'மின் வீத்தா பீல்'. யாருடையது என்று சொல்லிவிட்டதால் முன் சுட்டும் இல்லை, விகுதியும் இல்லை. பெயரடையில் இருக்கும் 'ஆ' மட்டும் இது தெரிந்த பொருள் என்பதற்குச் சாட்சியாக நிற்கிறது. இரட்டைச் சுட்டைப் புதிதாகக் கற்ற உற்சாகத்தில் 'மின் வீத்தா பீலென்' என்று சொல்லிவிடுவார்கள். அது தவறு. 'என்', 'உன்', 'அவளுடைய' என்று எது முன்னால் வந்தாலும் பெயர் மொட்டையாகத்தான் நிற்க வேண்டும்.

பக்கத்து மொழிகள் இதே சிக்கலை வேறு வேறு விதமாகத் தீர்த்திருக்கின்றன. வெள்ளை மாளிகையையே எடுத்துக்கொள்ளலாம். டேனிஷிலும் வீடு 'ஹூஸ்', அந்த வீடு 'ஹூஸெத்'. ஆனால் பெயரடை வந்தால் முன் சுட்டு மட்டும்தான், விகுதி விலகிவிடும். அதனால் தெருவோர வெள்ளை வீடும் அமெரிக்க அதிபரின் மாளிகையும் டேனிஷில் ஒரே அமைப்புத்தான். எழுத்தில் பெரிய எழுத்து போட்டுத்தான் பிரிக்க வேண்டும். ஐஸ்லாந்து மொழியில் நேர்மாறு: பின் விகுதி மட்டும், முன்னால் பொதுவாக ஒன்றும் வராது. நார்வேயிலோ அன்றாடப் பேச்சு ஸ்வீடிஷைப் போலவே இரட்டையாகச் சுட்டும். ஆனால் அங்கே அதிகம் பேர் எழுதும் புக்மோல் நடையில் அதிபரின் மாளிகைக்கு மட்டும் விகுதி கிடையாது. பல நூற்றாண்டுகள் டேனிஷே அங்கே எழுத்து மொழியாக இருந்ததன் தடம் அது.

ஸ்வீடனுக்குள்ளேயும் ஒரே வழி இல்லை. வடக்கு வட்டார வழக்குகளில் பெயரடையைப் பெயரோடு ஒட்டி ஒரே சொல்லாக்கி, கடைசியில் விகுதியைப் போட்டுவிடுவார்கள். பெயரடை தனியாக நிற்காததால் அங்கே முன் சுட்டுக்குத் தேவையே வருவதில்லை. அப்படியே தெற்கே டென்மார்க்கின் மேற்கு யூட்லாந்துக்குப் போனால் விகுதியே இல்லை. பெயரடை இருந்தாலும் இல்லாவிட்டாலும் சுட்டு முன்னால் மட்டும்தான் வரும்.