கீழ்ப் பிரசர் நோர்மல் என்றால் போதுமா?

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து கிளினிக்குக்கு வந்த 72 வயது அம்மாயி ஒருவரின் கொப்பியில் 168/72 என்று எழுதியிருந்தது. கூட வந்த பேத்தி, "கீழ்ப் பிரசர் நோர்மல்தானே டொக்டர், மேல இருக்கிறது வயசுக்கு ஏறுறதுதானே?" என்று கேட்டார். வயதோடு 100ஐக் கூட்டினால் வருவதுதான் சரியான பிரசர் என்ற பழைய கணக்கு நம் தோட்டங்களில் இன்னும் சாகவில்லை. அந்தக் கணக்கின்படி அம்மாயிக்கு 172 வரை போகலாம்!

மேல் எண் 140 அல்லது அதற்கு மேலும், கீழ் எண் 90க்குக் குறைவாகவும் இருந்தால் அதைத் தனித்த சிஸ்டொலிக் உயர் அழுத்தம் என்கிறோம். முதியவர்களிடம் காணும் உயர் பிரசரில் பெரும்பகுதி இந்த வகைதான்.

இதயம் சுருங்கி இரத்தத்தைத் தள்ளும்போது பெருந்தமனி கொஞ்சம் விரிந்து இடம் கொடுக்கும். இதயம் ஓய்வெடுக்கும் இடைவெளியில் அந்தச் சுவர் தானாகச் சுருங்கி, வாங்கி வைத்த இரத்தத்தை முன்னே அனுப்பும். கீழ் எண்ணைத் தாங்கி நிற்பது இந்தச் சுருக்கம்தான். வயது ஏற ஏற, வெயிலில் கிடந்த ரப்பர் குழாய் மாதிரி அந்தச் சுவர் விறைத்துவிடுகிறது. விரிந்து கொடுக்காததால் மேல் எண் ஏறுகிறது. சுருங்கித் தள்ள எதுவும் மிஞ்சாததால் கீழ் எண் இறங்குகிறது. ஆகவே அம்மாயியின் 72 தனியே நின்று ஆறுதல் தரும் எண் அல்ல. இரண்டு எண்களுக்கும் நடுவே வழக்கமாக 40 அளவில் இருக்க வேண்டிய இடைவெளி இவருக்கு 96. குழாய் விறைத்துவிட்டது என்பதைக் காட்டுவது அதுதான்.

கீழ் எண்ணுக்கு இவ்வளவு மரியாதை வந்ததற்குக் காரணம் உண்டு. 1960களின் பெரிய மருந்து ஆய்வுகள் கீழ் எண் மிக உயர்ந்தவர்களைத் தேர்ந்தெடுத்தே நடத்தப்பட்டன. 1991இல் அமெரிக்காவில் வெளியான ஷெப் ஆய்வு அந்தப் பார்வையை மாற்றியது. அதில் சேர்ந்த 60 வயதைத் தாண்டியவர்களின் சராசரி அளவு 170/77, ஏறத்தாழ நம் அம்மாயியின் எண்தான். மேல் எண்ணைக் குறைக்க மருந்து எடுத்தவர்களில் ஐந்து ஆண்டுகளில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில் பாரிசவாதத்துக்கு ஆளானார்கள். வெற்று மாத்திரை எடுத்தவர்களில் அது எட்டுப் பேர் அளவில் இருந்தது.

அதற்காக அன்றே மாத்திரை எழுதவில்லை. லயத்திலிருந்து மேடேறி நடந்து வந்த மூச்சோடு எடுத்த அளவை நான் நம்புவதில்லை. முதுகு சாய்த்து, கால் தரையில் பட, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வைத்து, கை நெஞ்சு மட்டத்தில் இருக்க மறுபடி அளந்தோம்: 162/70. எழுந்து நிற்க வைத்து மூன்று நிமிடத்துக்குள் அளந்தபோது 152/68. நிற்கும்போது மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் விழுந்தால் மாத்திரை விஷயத்தில் இன்னும் நிதானம் வேண்டும். இவருக்கு 10தான் விழுந்தது. முழங்கால் வலிக்கு டவுன் பார்மசியில் டைக்ளோபெனக் வாங்கிக் குடிப்பதும் பேச்சில் வெளிவந்தது. அதுவும் பிரசரை ஏற்றும் மருந்து. அதை நிறுத்தி, ரொட்டிக்குத் தொடும் கட்டச்சம்பலிலும் கருவாட்டிலும் உப்பைக் குறைக்கச் சொன்னேன்.

இரண்டு வாரம் கழித்தும் 160க்குக் கீழே வராததால் அம்லோடிபின் 2.5 மில்லிகிராம் தொடங்கினோம். ஒரு மாதத்தில் 150/68. அதை 5 ஆக்கியதும் 138/66. கணுக்கால் லேசாக வீங்கியது. அது அந்த மாத்திரையின் வழக்கம், சிறுநீரகம் போய்விட்டதென்று பயப்பட வேண்டியதில்லை என்று விளக்கினோம். இதற்கு மேல் இறக்க நான் அவசரப்படவில்லை. இதயத்தசைக்கு இரத்தம் பெரும்பாலும் அது ஓய்வெடுக்கும் நேரத்தில்தான் போகிறது. மேல் எண்ணைத் துரத்தப்போய்க் கீழ் எண்ணை 60க்குக் கீழே தள்ளிவிட்டால், நெஞ்சுவலிக்காரருக்கு அது நல்லதல்ல. இரவில் வெளிக் கக்கூசுக்குப் போக எழும்பும்போது முதலில் கட்டில் விளிம்பில் கொஞ்சம் உட்காரும்படியும் சொல்லியிருக்கிறேன். இடுப்பெலும்பு முறிந்தால் பிரசர் சரியாக இருந்து என்ன பயன்?

கிளினிக்கில் அடிக்கடி பார்க்கும் இன்னொரு குழப்பம் உண்டு. பரிசோதனைக்கு இரத்தம் கொடுக்கும் நாளில் வெறும் வயிற்றோடு வரச் சொன்னால், பலர் பிரசர் மாத்திரையையும் விட்டுவிட்டு வருகிறார்கள். அன்று அளவு 170 காட்டும், டோஸ் கூடும். மறுநாளிலிருந்து வீட்டில் ஒழுங்காகக் குடிக்கத் தொடங்கியதும் தலை சுற்றும். கிளினிக்கில் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால், பிரசர் மாத்திரையை ஒரு மிடறு தண்ணீரோடு குடித்துவிட்டே வாருங்கள். சாப்பாடு வரை தள்ளி வைக்க வேண்டியது சீனி வருத்த மாத்திரையைத்தான்.