கேமராவை மாற்றாதீர்கள், தோள் கணக்கைப் பாருங்கள்

போன வாரம் இன்னொரு தோள் மோட்டார் என் மேசைக்கு வந்தது, கேமரா முன் நிற்பவரின் கையசைவை அப்படியே செய்துகாட்டும் ரோபோவினுடையது. கழற்றிப் பார்த்தால் கடைசி கியரில் மூன்று பற்கள் போயிருந்தன, மற்றபடி மோட்டாருக்கு ஒரு குறையும் இல்லை. "கேமராவில் நாய்ஸ் அதிகம் சார், நல்ல கேமரா வாங்கிவிட்டால் சரியாகிவிடும்தானே?" என்றார் கொண்டுவந்த மாணவர். இதே கேள்வி, இதே மாதிரி உடைந்த கியர், எத்தனை பேரிடம்தான் சொல்வது என்று அலுத்துப்போய்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. அந்த மாணவர் செய்தது அரைகுறை வேலை இல்லை. வீடியோவில் உடம்பின் இடங்களைக் கண்டுபிடிக்கும் மென்பொருளான மீடியாபைப் தரும் 33 புள்ளிகளில் இடது தோள் 11, முழங்கை 13, மணிக்கட்டு 15, இவற்றின் முப்பரிமாண இடங்களை மீட்டர் கணக்கில் எடுத்திருக்கிறார். இரண்டு தோள், இரண்டு இடுப்புப் புள்ளிகளை வைத்து உடம்போடு ஒட்டிய அச்சுகளை அமைத்து, கையின் திசையை அதில் அளந்திருக்கிறார். பலர் இதைச் செய்வதே இல்லை. திரையில் தெரியும் இரண்டு கோடுகளுக்கு நடுவே உள்ள கோணத்தை அப்படியே சர்வோ மோட்டாருக்கு அனுப்பிவிடுகிறார்கள், ஆள் கொஞ்சம் சாய்ந்து நின்றாலே ரோபோ கையைத் தூக்கிவிடும். இவர் அந்தக் கட்டத்தைத் தாண்டியவர். அதனால்தான் எனக்கு ஆதங்கம் கூடுதல்.

அவர் எடுத்த வீடியோவில் முதல் பத்து நிமிடம் எல்லாம் அழகாகப் போகிறது. கையை முன்னே நீட்டுகிறார், ரோபோவும் நீட்டுகிறது. கீழே விடுகிறார், விடுகிறது. அப்புறம் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, சிலுவை மாதிரி நிற்கிறார். அவர் அசையவே இல்லை. ஆனால் ரோபோவின் இடது தோள் முன்னும் பின்னும் வெறிபிடித்த மாதிரி திரும்புகிறது, முன்கை போய்த் தாங்கு கம்பியில் அடிக்கிறது. மூன்றாவது அடியில் பல் போய்விட்டது.

அவருடைய லாக் கோப்பைத் திறந்தோம். ரோபோவின் தோள் எப்படி இருக்கும் என்றால், உடம்பிலிருந்து முதலில் ஒரு மோட்டார், அது கையை முன்னிருந்து கீழாகச் சுற்றும். அதன் மேல் இரண்டாவது மோட்டார், அது கையைப் பக்கவாட்டில் விரிக்கும். முதலாவது பிட்ச், இரண்டாவது ரோல். முன்பக்கம் `x`, இடப்பக்கம் `y`, மேல்பக்கம் `z` என்று வைத்து, தோளிலிருந்து முழங்கைக்குப் போகும் திசை `u` என்றால் கணக்கு இவ்வளவுதான்:

```python
ux, uy, uz = u
pitch = np.degrees(np.arctan2(-uz, ux))
roll  = np.degrees(np.arcsin(uy / np.linalg.norm(u)))
```

கணக்கில் தப்பே இல்லை. இப்போது அவர் கையை விரித்து நின்றபோது அடுத்தடுத்து வந்த இரண்டு பிரேம்களைப் பாருங்கள். முதலாவதில் `u` = (0.02, 0.29, -0.01). முழங்கை 29 செ.மீ. பக்கவாட்டில், 2 செ.மீ. முன்னால், 1 செ.மீ. கீழே. பிட்ச் 27 டிகிரி வருகிறது. அடுத்த பிரேமில் (-0.02, 0.29, -0.01). முழங்கை 2 செ.மீ. பின்னால் போய்விட்டது, மற்ற இரண்டும் அப்படியே. பிட்ச் 153 டிகிரி! ரோல் இரண்டிலும் 86தான். அதாவது முழங்கை 4 செ.மீ. நகர்ந்ததாகக் கேமரா சொன்னதற்கு, முதல் மோட்டார் 126 டிகிரி திரும்ப வேண்டும், அதுவும் 33 மில்லி செகண்டில். எந்தச் சர்வோவாலும் முடியாது. ஆனால் சர்வோ அதைச் சொல்லாது, முழு விசையோடு கிளம்பும், பாதி வழியில் அடுத்த பிரேம் வந்து திரும்பி வா என்று சொல்லும். பல் அங்கேதான் போகிறது.

சரி, அந்த 4 செ.மீ. பிழையைக் குறைத்தால் போதுமே, அதற்குத்தானே நல்ல கேமரா என்று கேட்கிறார்கள். இந்த எண்ணம்தான் என்னை மிகவும் சோதிக்கிறது, ஆகவே பொறுமையாகச் சொல்கிறேன். ஆழம் அளக்கும் விலை உயர்ந்த கேமரா வாங்கிவிட்டீர்கள், பிழை 1 செ.மீ. ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். `ux` இப்போது +0.005 இலிருந்து -0.005 வரைதான் ஆடும். ஆனால் கையைச் சரியாகக் கிடையாக விரித்து நிற்பவருக்கு `uz`-உம் சிறியதுதானே, -0.002 என்று வையுங்கள். பிட்ச் 22 டிகிரியிலிருந்து 158-க்குத் துள்ளும். பிழை கால்வாசியாகிவிட்டது, துள்ளல் குறையவில்லை, கூடிவிட்டது! பிழையே இல்லாத கேமராவை வைத்தாலும், மனிதர் மூச்சு விடும்போது முழங்கை அரை சென்டிமீட்டர் முன்னும் பின்னும் போகத்தான் செய்யும். அதைக் கேமரா சரியாகவே பார்த்துச் சொல்லும், மோட்டார் சரியாகவே துள்ளும்.

பூமியின் வடதுருவத்தில் நிற்பதாக நினைத்துப் பாருங்கள். துருவப் புள்ளியிலிருந்து இரண்டடி இந்தப் பக்கம் நின்றால் தீர்க்கரேகை ஒன்று, இரண்டடி அந்தப் பக்கம் போனால் அதற்கு நேர் எதிரானது, 180 டிகிரி வித்தியாசம். நீங்கள் நடந்தது நாலடிதான். உங்கள் அளவுகோல் எவ்வளவு துல்லியமானாலும் இது மாறாது, ஏனென்றால் தீர்க்கரேகை என்பதற்குத் துருவத்தில் அர்த்தமே கிடையாது. ரோல் 90 டிகிரியை நெருங்கும்போது உங்கள் ரோபோவின் தோளில் பிட்சின் கதியும் அதுவே. கை அந்த மோட்டாரின் அச்சின் மேலேயே படுத்துவிடுகிறது, மோட்டார் எத்தனை டிகிரி திரும்பினாலும் மேல்கை கிட்டத்தட்ட அதே திசையைத்தான் காட்டும். பிறகு எதற்காக அதைத் திருப்ப வேண்டும்?

நாவோ ரோபோ வைத்திருப்பவர்கள், எங்களுடையதில் இடது தோளின் `LShoulderRoll` 76 டிகிரிக்கு மேல் போகாது, அதனால் இந்தச் சிக்கல் வராது என்பார்கள். ரோல்தான் 76-இல் நிற்கும். பிட்சை நீங்கள் இன்னும் மனிதரின் கையிலிருந்துதானே கணக்கிடுகிறீர்கள், அது அங்கே துள்ளிக்கொண்டுதான் இருக்கும். 14 டிகிரி சாய்ந்த கை அச்சைச் சுற்றிக் கூம்பு போடும். இன்னும் மோசம்.

இதற்கு மருந்து சிறியது. கை அச்சோடு எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள், 15 டிகிரிக்குள் வந்துவிட்டால் பிட்சைப் புதிதாகக் கணக்கிடாதீர்கள், கடைசியாக இருந்ததையே பிடித்து வையுங்கள்:

```python
if np.hypot(ux, uz) < 0.25 * np.linalg.norm(u):
    pitch = last_pitch
last_pitch = pitch
```

முழங்கையிலும் இதே கதைதான். கை நேராக நீண்டிருக்கும்போது முன்கை எந்தப் பக்கம் மடங்கியிருக்கிறது என்ற கேள்விக்கே பதில் கிடையாது, ஆனால் கணக்கு ஏதோ ஒரு பதிலைத் தரும், மேல்கையைச் சுழற்றும் மோட்டார் அதை நம்பிச் சுழலும். மடக்கம் 15 டிகிரிக்குக் கீழே என்றால் அந்தச் சுழற்சியையும் நிறுத்தி வையுங்கள். கையை விரித்து, முழங்கையையும் நேராக வைத்து நிற்பது என்றால் இரண்டு கோளாறும் ஒன்றாக வரும். எல்லாரும் சோதனையைத் தொடங்கும் முதல் போஸே அதுதான் என்பது என் வருத்தம்.

அடுத்ததாகச் செய்யும் தவறு, கோணத்தைச் சராசரி எடுத்து மென்மையாக்குவது. 170 டிகிரியும் -170 டிகிரியும் பக்கத்துப் பக்கத்துத் திசைகள், 20 டிகிரிதான் வித்தியாசம். சராசரி எடுத்தால் 0. பின்னால் இருக்க வேண்டிய கை முன்னால் வந்து நிற்கும். மென்மையாக, நிதானமாக, தப்பான இடத்துக்கு. வடிகட்ட வேண்டியது `u` என்ற திசையை, கோணத்தை இல்லை. 2012-இல் வந்த ஒன் யூரோ ஃபில்டர் இந்த வேலைக்கு நன்றாகவே போதும், கை மெதுவாக அசையும்போது நடுக்கத்தை அடக்கும், வேகமாக அசையும்போது பின்தங்காது. ஆனால் அதையும் திசையின் மூன்று எண்கள் மேல் போடுங்கள், அப்புறம் கோணத்துக்கு வாருங்கள்.

எந்தக் கணக்கு எப்படிப் பிசகினாலும் மோட்டாரைக் காப்பாற்றுவது கடைசியில் நிற்கும் வேக வரம்பு ஒன்றுதான். அதைப் போடாமல் மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்காதீர்கள்:

```python
current += np.clip(target - current, -4, 4)
```

நொடிக்கு 30 பிரேம் என்றால் இது நொடிக்கு 120 டிகிரி. கை மந்தமாக இருக்கிறதே என்று முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும், பத்து நாள் ஓடிய பிறகு கூட்டிக்கொள்ளலாம்.

இன்னொன்று, மேசையில் உட்கார்ந்து சோதிக்காதீர்கள். இடுப்பு கேமராவில் தெரியாவிட்டாலும் 23, 24 புள்ளிகளுக்கு ஏதோ ஓர் இடத்தை ஊகித்து மீடியாபைப் கொடுத்துவிடும், அந்தப் புள்ளி எவ்வளவு தெரிகிறது என்று சொல்லும் `visibility` மதிப்பு மட்டும் குறைவாக இருக்கும். அதைப் பார்க்காமல் உடம்பின் அச்சை அந்த ஊகத்தின் மேல் கட்டினால், இரண்டு தோளும் சேர்ந்து ஊசலாடும், நீங்கள் மறுபடியும் கேமராவைத் திட்டுவீர்கள். தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, இவற்றில் எதன் `visibility` 0.6-க்குக் கீழே போனாலும் அந்த பிரேமைத் தள்ளிவிட்டு ரோபோவை இருந்த இடத்திலேயே நிறுத்துங்கள். ஆள் காட்சியை விட்டுப் போனாலும் அதேதான். மோட்டாருக்கான மின்சாரத்தை ஒரே அழுத்தில் வெட்டும் ஒரு சுவிட்ச், நடித்துக்காட்டும் ஆளின் கையில் வேண்டாம், அவர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்பார். பக்கத்தில் நிற்கும் இன்னொருவரிடம் கொடுங்கள். அந்த இன்னொருவரும் ரோபோவின் கை எட்டாத தூரத்தில் நிற்கட்டும், தயவுசெய்து.

அந்த மாணவரின் ரோபோவுக்குப் புது கியர் போட்டோம். மோட்டாரை இணைக்கும் முன்பு, பிட்ச் எண்ணை மட்டும் திரையில் ஓடவிட்டு, கையை விரித்து அரை நிமிடம் நிற்கச் சொன்னேன். எண் 27, 153, 40, 161 என்று குதித்தது. `if` வரிகளைச் சேர்த்து மறுபடி நிற்கச் சொன்னேன். கையை விரிக்கும் வழியில் கடைசியாக இருந்த 84-இலேயே நின்றது. அதற்குப் பிறகுதான் மோட்டாரின் கேபிளைச் செருகினார். கேமரா அதே பழைய கேமராதான்.