தரையில் பிடித்த பிரேக், மலையில் ஏன் பிடிக்கவில்லை?

ஊட்டி இறக்கத்தில் பிரேக் இளகியதாக டிரைவர் எழுதிக் கொடுத்த பஸ், டெப்போ பிட்டில் நிற்கிறது. மூத்த மெக்கானிக் ஸ்பேனரை எடுத்துவிட்டார்: "இடது பின்சக்கர அட்ஜஸ்டரை அரைத் திருப்பு இறுக்கினா போதும், மேடம்."

"அது ஆட்டோமேட்டிக் அட்ஜஸ்டர் அண்ணே. தானா இறுகணும். இறுகலைன்னா அதையே மாத்தணும்" என்கிறார் இளம் இன்ஜினீயர்.

இருவர் சொல்வதிலும் குறை இருக்கிறது. ஏர் பிரேக்கில் காற்று சேம்பரின் டயாஃப்ரமைத் தள்ள, அதன் ராடு நீண்டு அட்ஜஸ்டரைத் திருப்பும். அது எஸ் வடிவ கேமைச் சுழற்ற, ஷூக்கள் விரிந்து டிரம்மில் உரசும். ஷூவின் லைனிங் தேயத் தேய ராடு நீளமாக ஓடவேண்டி வரும்; அதைக் குறைக்கத்தான் அட்ஜஸ்டரை இறுக்குவது. 30 என்ற அளவுள்ள சேம்பரில் ராடு போகக்கூடிய தூரமே மொத்தம் 64 மி.மீ. தான். 51ஐத் தாண்டினால் சரிசெய்தே ஆகவேண்டும். டயாஃப்ரம் கடைசியை நெருங்க நெருங்கத் தள்ளும் விசை சரிந்துவிடும்.

சக்கரத்துக்குக் கட்டை வைத்து, பார்க்கிங் பிரேக்கை விடுவித்து, சேம்பர் வாயில் ராடின்மேல் சாக்பீஸ் கோடு போடுகிறார் மெக்கானிக். காற்று 6 பாருக்கு மேல் இருக்க, பெடலை முழுக்க மிதித்ததும் கோடு 57 மி.மீ. தள்ளிப் போகிறது. தரையில் பஸ் நின்றுவிடும். ஆனால் இறக்கத்தில் 400 மி.மீ. டிரம் 200 டிகிரி கூடுதலாகச் சூடானால் அதன் விட்டம் ஏறக்குறைய 0.9 மி.மீ. விரியும். ஷூ அந்தச் சிறு இடைவெளியைக் கடக்க, ராடு கிட்டத்தட்ட 10 மி.மீ. கூடுதலாக ஓடவேண்டும். 57உடன் 10: சேம்பரில் அவ்வளவு இடமே இல்லை.

இங்கே ஸ்பேனரால் இறுக்கினால் கோடு இன்று சரியாகிவிடும். அதுதான் ஆபத்து. தானாக இறுகாமல் போன காரணம் உள்ளேயே இருப்பதால், சில நாளில் ராடு பழையபடி நீளும். நடுவே சோதித்தவர்களுக்கு எல்லாம் சரியாகவே தெரிந்திருக்கும். இன்ஜினீயரின் மறுப்பு இதில் நியாயமானது.

அட்ஜஸ்டரை மாற்றும் யோசனைக்கு மெக்கானிக்கின் பதில் ஒரு கடப்பாரை. அதைக் கேம்ஷாஃப்டின் கீழே கொடுத்து மேலே நெம்புகிறார். "ஷாஃப்டே ஆடுது, பாருங்க." டயல் கேஜ் 1.5 மி.மீ. காட்டுகிறது, அரை மி.மீ.க்கு மேல் போனாலே ஷாஃப்டைத் தாங்கும் புஷ்ஷிங் தேய்ந்துவிட்டது என்று பொருள். ஷாஃப்ட் ஆடும்போது ராடின் ஓட்டத்தில் ஒரு பங்கு வீணாகும். எது ஆட்டம், எது லைனிங் தேய்மானம் என்று அட்ஜஸ்டருக்குப் பிரிக்கத் தெரியாது. புது அட்ஜஸ்டரும் இதே ஷாஃப்டில் இப்படியே தடுமாறும்.

புஷ்ஷிங்கையும், ராடை அட்ஜஸ்டரோடு இணைக்கும் தேய்ந்திருந்த கிளெவிஸ் பின்னையும் மாற்றி, அட்ஜஸ்டருக்குத் தொடக்க அளவு வைத்ததும் கோடு 44இல் நிற்கிறது. பிறகு அட்ஜஸ்டரின் பூட்டுப் பல்லை விலக்கிவிட்டு வேண்டுமென்றே அதைத் தளர்த்துகிறார்கள் (விலக்காமல் பின்னோக்கித் திருகினால் பற்கள் உடையும்). இன்ஜினீயர் பெடலை மீண்டும் மீண்டும் மிதிக்க, கீழே மெக்கானிக் அறுகோணத் தலையைப் பார்த்தபடி இருக்கிறார். ஒவ்வொரு மிதிக்கும் அது இம்மி இம்மியாகத் திரும்பி, கோடு 44க்கே வந்து சேர்கிறது. பழைய அட்ஜஸ்டர் வண்டியிலேயே இருக்கட்டும் என்று இருவரும் ஒப்புக்கொள்கிறார்கள்.